ஷெட்யூல் போட்ட திருவிழா வீடியோவுக்குப் பாட்டு கிளைம் வந்தால்: மியூட்டா, விட்டுவைப்பதா, விடுவிக்கக் கேட்பதா, மறுப்பதா?

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் கோயில் திருவிழாவையும் பள்ளி விழாவையும் படம்பிடித்துப் போடுகிறவர்கள், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்துக்கு வந்து வீடியோக்களை மொத்தமாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் நாளும் நேரமும் ஷெட்யூல் போட்டுவிட்டு மலைக்குத் திரும்புகிறார்கள். ஏற்றிய கொஞ்ச நேரத்தில் காப்பிரைட் கிளைம் வந்திருக்கும். அதைப் பார்க்கும்போது வெளியீட்டு நேரம் நெருங்கியிருக்கும், சில சமயம் தாண்டியே போயிருக்கும். அப்போது பதறிப்போய் வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். ஒலி அதேதான் என்பதால் அதே கிளைம் திரும்பவும் வரும். முதல் அறிவிப்பின் விவரமும் கையைவிட்டுப் போயிருக்கும்.

அழிப்பதைத் தவிர நான்கு வழிகள் இருக்கின்றன. எது எப்போது சரி என்பதை யூடியூபை முன்வைத்து இங்கே ஒப்பிடுகிறோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நிலவரம் கடைசியில் வருகிறது.

## முதலில் வந்திருப்பது எது என்று பாருங்கள்

யூடியூபில் இரண்டு வேறு விஷயங்களை எல்லோரும் ‘காப்பிரைட் அடிச்சிட்டாங்க’ என்றே சொல்கிறார்கள். ஒன்று, கன்டென்ட் ஐடி கிளைம். பாட்டு நிறுவனங்கள் கொடுத்துவைத்த ஒலிப்பதிவுகளோடு உங்கள் வீடியோவின் ஒலியை இயந்திரம் ஒப்பிட்டுப் போடுவது இது. இதனால் சேனலுக்கு ஸ்ட்ரைக் என்ற தண்டனைக் குறிப்பு விழாது. மற்றொன்று, உரிமைக்காரர் சட்டப்படி எழுதிக்கொடுத்து வீடியோவையே எடுக்கச் சொல்லும் டேக்டவுன். இதில் ஸ்ட்ரைக் உண்டு. ஷெட்யூலில் காத்திருக்கும் வீடியோ யார் கண்ணுக்கும் தெரியாது என்பதால், அந்த நிலையில் வருவது பெரும்பாலும் கிளைம்தான். டேக்டவுன் வந்தால் வெளியான பிறகே வரும்.

ஏற்றும்போது வரும் `Checks` பக்கத்திலேயே கிளைம் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் மூடிவிட்டிருந்தால், யூடியூப் ஸ்டுடியோவில் `Content` பட்டியலில் அந்த வீடியோவுக்கு நேரே `Restrictions` என்ற பத்தியில் `Copyright` என்று இருக்கும். உள்ளே போனால் பாட்டின் பெயர், கிளைம் செய்தவர் பெயர், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, வீடியோவுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் கிடைக்கும். எதையும் அழுத்துவதற்கு முன் இந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கிளைம் நீங்கியதும் இந்த விவரமும் அங்கிருந்து போய்விடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான்கு கேள்விகள் போதும். வெளியீட்டு நேரத்துக்கு இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது? கிளைம் வீடியோவை முடக்குகிறதா, விளம்பர வருமானத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறதா? அந்த ஒலி வீடியோவுக்கு எவ்வளவு தேவை? கடைசியாக, அந்த ஒலி எப்படி உள்ளே வந்தது? நீங்கள் எடிட்டிங்கில் சேர்த்ததா, ஒலிபெருக்கியில் ஓடியதா, ஆட்கள் நேரில் பாடியதா?

பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் பார்வையில் நான்காவதுதான் முக்கியம். ஒரே வீடியோவில் மூன்று கிளைம் இருந்தால், மூன்றுக்கும் மூன்று விதமான முடிவு எடுக்க வேண்டிவரலாம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மேல்மலைக் கிராமம் ஒன்றின் முருகன் கோயில் தேரோட்டம், 14 நிமிட வீடியோ. மே 2, சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஷெட்யூல். வியாழன் இரவு ஏற்றியதும் மூன்று கிளைம்கள் வருகின்றன.

முதலாவது 2:10 முதல் 5:05 வரை. தேர் நிலையிலிருந்து கிளம்பும்போது ஒலிபெருக்கியில் ஓடிய பாதயாத்திரைப் பாட்டு. பாடியவர் பண்ணைக்காட்டுக்காரர். ஆனால் கிளைம் செய்தவர் இடத்தில், ஊரில் யாருமே கேள்விப்படாத ஒரு டிஜிட்டல் விநியோக நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. வீடியோ ஓடும், விளம்பர வருமானம் அவர்களுக்கு.

இரண்டாவது 7:40 முதல் 8:20 வரை. ராட்டினக் கடையில் ஓடிய சினிமாப் பாட்டு. எல்லா நாடுகளிலும் முடக்கம்.

மூன்றாவது 10:05 முதல் 13:20 வரை. ஊர் பஜனைக் குழு ஆர்மோனியம் வைத்துப் பாடிய திருப்புகழ். ஓர் இசை நிறுவனத்தின் ஆல்பத்தோடு இயந்திரம் பொருத்திவிட்டிருக்கிறது.

இரண்டாவதைத் தீர்க்காவிட்டால் சனிக்கிழமை 6 மணிக்கு யாராலும் வீடியோவைப் பார்க்க முடியாது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தாலும் வீடியோ வெளியாகும். ஆகவே அவசரம் அந்த நாற்பது விநாடிக்குத்தான்.

## வழி 1: அந்த ஒலியை நீக்குவது

கிளைம் விவரத்தில் `Take action` அழுத்தினால் வெட்டுவது, பாட்டை மாற்றுவது, ஒலியை நீக்குவது என்று வாய்ப்புகள் வரும். `Trim` அந்தப் பகுதியைப் படத்தோடு சேர்த்தே வெட்டிவிடும். `Replace song` யூடியூபின் சொந்த இசைத் தொகுப்பிலிருந்து ஒன்றை அங்கே வைக்கும். `Erase song` பாட்டை மட்டும் பிரித்தெடுத்து, பேச்சையும் மற்ற சத்தத்தையும் விட்டுவைக்க முயலும். அது சரிவராத இடத்தில் அந்தப் பகுதி முழுவதையும் மௌனமாக்கலாம்.

ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பதிவான பாட்டை நீங்களே எடிட்டிங்கில் சேர்த்திருந்தால் `Erase song` ஓரளவு நன்றாக வேலை செய்யும். திருவிழா ஒலியில் அது தடுமாறும். புனல் ஒலிபெருக்கியில் வந்த பாட்டு, எதிர்மலையில் மோதித் திரும்பிய எதிரொலி, கூட்டத்தின் இரைச்சல் மூன்றும் ஒன்றாகக் கலந்து ஒரே மைக்கில் பதிவாகியிருக்கும். அதில் பாட்டைப் பிரித்தால் பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், அல்லது பாட்டின் மிச்சம் தங்கிக் கிளைமும் அப்படியே நிற்கும்.

மறைந்திருக்கும் செலவு நேரம். நீங்கள் சேமித்ததும் வீடியோ மறுபடி ப்ராசஸிங்குக்குப் போகும். அது முடியும் வரை பழைய நிலைதான் நீடிக்கும். பல மணி நேரம் பிடிக்கலாம். மாலை 6 மணி வெளியீட்டுக்கு 4 மணிக்கு உட்கார்ந்து மியூட் செய்தால், 6 மணிக்கு முடக்கப்பட்ட வீடியோதான் வெளியாகும். அந்தச் சமயத்தில் முதலில் ஷெட்யூலைத் தள்ளி வையுங்கள், பிறகு திருத்துங்கள்.

நேரமும் மூலக்கோப்பும் கையில் இருந்தால், யூடியூப் ஸ்டுடியோவில் மியூட் செய்வதைவிட உங்கள் எடிட்டிங் மென்பொருளிலேயே அந்த இடத்தைச் சரிசெய்து புதிதாக ஏற்றுவது காதுக்கு நன்றாக இருக்கும். ராட்டினப் பாட்டு ஓடிய நாற்பது விநாடிக்கு, அதே நாளில் வேறு இடத்தில் பதிவான பறையையும் கூட்டச் சத்தத்தையும் எடுத்து அடியில் வைத்தால் மௌனம் உறுத்தாது. இதற்காகவே, திருவிழாவுக்குப் போனால் பாட்டு ஓடாத இடத்தில் இரண்டு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்து வந்துவிட வேண்டும். புதிதாக ஏற்றினால் இணைப்பு மாறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பிரீமியர் என்று அறிவித்து இணைப்பை வாட்ஸாப் குழுக்களில் முன்பே அனுப்பியிருந்தால் அத்தனை இடத்திலும் திருத்த வேண்டும். அப்படி அனுப்பியிருந்தால் ஸ்டுடியோவிலேயே மியூட் செய்வது நல்லது.

எப்போது சரி: ஒலி தற்செயலாக உள்ளே வந்தது, வீடியோவுக்குத் தேவையில்லை, கிளைம் முடக்குகிறது. இரண்டாவது கிளைமுக்கு இதுதான் வழி.

## வழி 2: கிளைமை அப்படியே விட்டுவைப்பது

வருமானம் மட்டும் போகிற கிளைம் என்றால், ஒன்றும் செய்யாமலே இருக்கலாம். ஸ்ட்ரைக் கிடையாது, ஒலியும் கெடாது. பணம் வராத சிறிய சேனலுக்கு இழப்பும் இல்லை. எல்லாவற்றையும் மியூட் செய்து வீடியோவை ஊமையாக்குகிறவர்கள் இந்த வழியை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் மூன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் சேனலில் விளம்பரமே வராது என்றாலும் இந்த வீடியோவில் வரலாம். பள்ளி விழாவுக்கோ கோயில் கமிட்டிக்கோ எடுத்துக் கொடுக்கும் வீடியோ என்றால் அதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. அடுத்து, உரிமைக்காரர் தன் முடிவை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இன்று வருமானம் மட்டும் எடுத்தவர் நாளை முடக்கலாம். மூன்றாவது, நாடுவாரியாக விதி வேறுபடும். இங்கே ஓடுகிற வீடியோ, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஓடாமல் போகலாம். விவரப் பக்கத்தில் நாடுகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

எப்போது சரி: நேரம் குறைவு, வருமானம் பொருட்டில்லை, ஒலி முக்கியம். மற்ற வழிகள் நடந்துகொண்டிருக்கும்போது இடைக்கால ஏற்பாடாகவும் இது உதவும்.

## வழி 3: உரிமைக்காரரிடம் விடுவிக்கக் கேட்பது

உள்ளூர்ப் பாட்டுக்கு இதைவிடச் சுத்தமான தீர்வு இல்லை. ஆனால் கிளைமில் இருக்கும் பெயரைப் பார்த்துப் பெரிய கம்பெனி என்று பயந்து, இதை யாரும் முயல்வதில்லை.

நடப்பது இதுதான். பாடகர் ஒரு ஸ்டுடியோவில் பாட்டைப் பதிவு செய்கிறார். ஸ்டுடியோக்காரரோ பாடகரோ அதை ஒரு விநியோக நிறுவனத்தின் மூலம் எல்லா மியூசிக் ஆப்களுக்கும் அனுப்புகிறார். அந்தப் பதிவின்போது கன்டென்ட் ஐடி வேண்டும் என்ற கட்டத்தையும் டிக் செய்திருப்பார். அன்றிலிருந்து அந்தப் பாட்டு எங்கே ஓடினாலும் விநியோக நிறுவனத்தின் பெயரில் கிளைம் தானாகவே விழும். ‘நம்ம பாட்டுதானே, போட்டுக்கப்பா’ என்று பாடகர் வாயால் சொன்ன அனுமதி இயந்திரத்துக்குத் தெரியாது.

ஆகவே பாடகரிடம் அனுமதி கேட்பதோடு நிற்காமல், யாருடைய கணக்கிலிருந்து பாட்டு விநியோகத்துக்குப் போனதோ அவர் அந்த நிறுவனத்துக்கு விடுவிப்பு வேண்டுகோள் அனுப்பும்படி கேட்க வேண்டும். செய்தி இப்படி இருந்தால் போதும்:

“அண்ணே, வணக்கம். நம்ம ஊர்த் தேர் வீடியோவுல உங்க பாதயாத்திரைப் பாட்டு 2:10லருந்து 5:05 வரைக்கும் வருது. விநியோக கம்பெனி பேர்ல கிளைம் விழுந்திருக்கு. பாட்டை ஏத்தினது உங்க கணக்குலயா, ஸ்டுடியோக்காரர் கணக்குலயான்னு சொல்லுங்க. அந்தக் கணக்குலருந்து கம்பெனிக்கு இந்த லிங்கை அனுப்பி, கிளைமை விடுவிக்கச் சொல்லணும். ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருக்கேன். நீங்க சம்மதம்னு பதில் போட்டா அதையும் எடுத்து வெச்சுக்கிறேன்.”

வீடியோ இணைப்பு, நிமிடங்கள், கிளைமில் உள்ளபடியே பாட்டின் பெயர், இந்த மூன்றும் இல்லாமல் அனுப்பினால் நிறுவனம் திருப்பிக் கேட்கும், நாட்கள் ஓடும். ஒவ்வொரு வருடமும் அதே பாடகரின் பாட்டு வரும் என்றால், உங்கள் சேனலையே விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். அப்படிச் சேர்த்துவிட்டால் பிறகு கிளைமே விழாது. எல்லா நிறுவனமும் இதைச் செய்து தருவதில்லை.

இதில் உள்ள சிக்கல், உரிமை யாரிடம் என்று பாடகருக்கே தெரியாமல் இருப்பது. பதிவுச் செலவை ஸ்டுடியோக்காரர் ஏற்றிருந்தால் ஒலிப்பதிவின் உரிமை அவரிடம் இருக்கலாம். அப்போது பாடகரின் சம்மதம் மட்டும் போதாது. இந்த வழி சனிக்கிழமை மாலைக்குள் முடியும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். முதல் கிளைம் வருமானக் கிளைம்தான். வீடியோவை அப்படியே வெளியிட்டுவிட்டு, பின்னால் விடுவிப்பு வாங்கிக்கொள்ளலாம்.

## வழி 4: மறுப்பது

உங்கள் பக்கம் உண்மையிலேயே நியாயம் இருக்கும்போது மட்டும் எடுக்க வேண்டிய வழி. மறுப்பு போட்டால் கிளைம் செய்தவருக்குப் பதில் சொல்ல 30 நாள். பதில் இல்லையென்றால் கிளைம் காலாவதியாகும். அவர் மறுப்பை நிராகரித்தால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு அவருக்கு 7 நாள். மேல்முறையீட்டையும் ஏற்காமல் அவர் டேக்டவுன் கொடுத்து, அது செல்லுபடியாகிவிட்டால் சேனலுக்கு ஸ்ட்ரைக். வருமானம் உள்ள சேனல் என்றால், கிளைம் விழுந்த 5 நாளுக்குள் மறுத்தால் முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும்.

‘பணம் சம்பாதிக்கவில்லை’, ‘பாடியவர் பெயரைப் போட்டிருக்கிறேன்’, ‘சிடி காசு கொடுத்து வாங்கியது’ ஆகியவை காரணங்களே அல்ல. ‘கோயில் விழாவில் ஓடிய பாட்டு’ என்பதும் இங்கே நிற்காது. மதச் சடங்கின்போது பாட்டை ஒலிக்கவிடுவதற்கு 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு என்பது சரிதான். அது அந்த விழாவில் ஒலிப்பதற்கானது. அதைப் படம்பிடித்துப் பிறகு இணையத்தில் போடுவதற்கு அந்த விலக்கை நம்ப வேண்டாம்.

திருப்புகழ்க் கிளைமைப் பார்ப்போம். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டுக்காரர், வரிகளுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் ஒரு பாட்டில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி. பஜனைக் குழு நேரில் பாடியதால் ஒலிப்பதிவு உங்களுடையது. பாக்கி இருப்பது மெட்டு. குழு வழிவழியாகப் பாடிவரும் மெட்டு என்றால் மறுப்புக்கு வலு உண்டு. ஏதோ ஒரு கேசட்டில் கேட்டுப் பழகிய, இந்தக் காலத்து இசையமைப்பாளர் ஒருவர் போட்ட மெட்டு என்றால் வலு இல்லை. ஆகவே மறுக்கும் முன் குழுவின் மூத்தவரிடம் இந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிடுங்கள். கிளைமில் சொல்லப்பட்ட ஆல்பத்தையும் ஒரு தடவை பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். மறுப்பில் நான்கு வரி போதும்: யார் பாடியது, எங்கே, எந்த நாளில், என்ன வாத்தியம், பின்னால் எந்தப் பதிவும் ஓடவில்லை என்பது.

பழைய இசைத்தட்டுப் பாட்டுக்கும் இதேபோல் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960இல் வெளியான தட்டுக்கு அது 2020 முடிவோடு தீர்ந்தது. இசையமைத்தவரின் உரிமையோ அவர் காலமான பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். தட்டு பழையது என்பதை மட்டும் வைத்து மறுக்காதீர்கள். மற்ற நாடுகளின் கணக்கும் வேறு.

## ஒரே பார்வையில்

| | நீக்குவது | விட்டுவைப்பது | விடுவிக்கக் கேட்பது | மறுப்பது |
|---|---|---|---|---|
| பிடிக்கும் நேரம் | சில மணி நேரம் | இல்லை | சில நாள் முதல் வாரக்கணக்கு | 30 நாள் வரை, மேல்முறையீட்டுக்கு மேலும் 7 |
| ஒலிக்கு என்ன ஆகும் | கெடும் | அப்படியே இருக்கும் | அப்படியே இருக்கும் | அப்படியே இருக்கும் |
| ஸ்ட்ரைக் ஆபத்து | இல்லை | கிளைமால் இல்லை | இல்லை | கடைசிக் கட்டத்தில் உண்டு |
| முடக்கக் கிளைமுக்கு | உடனடித் தீர்வு | உதவாது | ஷெட்யூல் தள்ளினால் உதவும் | ஷெட்யூல் தள்ளினால் உதவும் |
| பொருத்தமான ஒலி | தற்செயலாக வந்த சினிமாப் பாட்டு | வருமானம் பொருட்டில்லாத வீடியோ | உள்ளூர்ப் பாடகரின் பாட்டு | நேரில் பாடிய மரபுப் பாட்டு |

எங்கள் எடுத்துக்காட்டில் வெள்ளிக்கிழமை காலையே இரண்டாவதை நீக்கி, ப்ராசஸிங் முடிந்ததா என்று இரவில் பார்க்க வேண்டும். முதலாவதை விட்டுவைத்துப் பாடகருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். மூன்றாவதை மெட்டு விசாரித்த பிறகு மறுக்க வேண்டும். இதற்கெல்லாம் இடம் வேண்டுமானால் வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாக ஏற்றியிருக்க வேண்டும்.

## ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்

ஷெட்யூல் காலத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, வெளியான பிறகு ஒரு பகுதி மியூட் ஆகலாம், சில நாடுகளில் முடக்கப்படலாம். அறிவிப்பில் மறுப்பதற்கான வழி இருக்கும். பாட்டு உறுதியாகச் சிக்கலானது என்றால் யூடியூபுக்காகத் திருத்திய கோப்பையே இங்கேயும் ஏற்றுங்கள். விடுதி, கடை போன்ற பிசினஸ் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராமின் பிரபல பாட்டுத் தொகுப்பு பொதுவாகக் கிடைக்காது. மெட்டாவின் `Sound Collection` இசையைத்தான் எடுக்க வேண்டும், அந்த அனுமதி மெட்டாவின் தளங்களோடு சரி. அதே வீடியோவை யூடியூபிலும் போட்டால் அந்த அனுமதி உதவாது.

## டேக்டவுன் வந்துவிட்டால்

இங்கே மியூட் செய்து தப்பிக்க முடியாது, வீடியோவை அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது. 90 நாள் காத்து, யூடியூபின் காப்பிரைட் பாடத்தை முடித்தால் ஸ்ட்ரைக் காலாவதியாகும். அல்லது உரிமைக்காரரிடம் பேசித் திரும்பப் பெறச் சொல்லலாம். அல்லது எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். எதிர் அறிவிப்பில் உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும், அவருக்கு 10 அமெரிக்க வேலை நாள் அவகாசம். வழக்குக்குத் தயார் என்று சொல்வதற்குச் சமமானது அது. வக்கீலைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மூன்று ஸ்ட்ரைக் ஒரே சமயத்தில் நடப்பில் இருந்தால் சேனலே போய்விடும். அதனால் ஒன்று விழுந்ததுமே, ஷெட்யூலில் காத்திருக்கும் மற்ற வீடியோக்களை எல்லாம் பிரைவேட்டுக்கு மாற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே மறுபடி நேரம் போடுங்கள்.

## பதிவேடு: நோட்டா, மெயிலா, ஷீட்டா

மெயிலில் வரும் அறிவிப்பே பதிவு என்று இருப்பது போதாது. என்ன முடிவு எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பது மெயிலில் இருக்காது. கணக்கு நோட்டு ஒரே ஆள் நடத்தும் சேனலுக்குப் போதும், கரண்ட் இல்லாத நேரத்திலும் கைகொடுக்கும், ஆனால் பாட்டின் பெயரைப் போட்டுத் தேட முடியாது. இரண்டு பேருக்கு மேல் கையாளும் சேனலுக்குக் கூகுள் ஷீட்தான் சரி. சிக்னல் இல்லாத இடத்திலும் எழுத, போனில் அந்த ஷீட்டை ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிளைமுக்கு ஒரு வரி. ஒரு வீடியோவுக்கு ஒரு வரி என்று வைத்தால் மேலே சொன்ன தேர் வீடியோ குழம்பிவிடும். பத்திகள் இவ்வளவு போதும்: வீடியோ ஐடி, தளம், ஷெட்யூல் நேரம், அறிவிப்பு வந்த நேரம், கிளைமா டேக்டவுனா, பாட்டின் பெயரும் கிளைம் செய்தவர் பெயரும் திரையில் உள்ளபடியே, நிமிடங்கள், ஒலி எப்படி வந்தது, எடுத்த முடிவு, கெடு நாள், கடைசி நிலை. கெடு நாள் பத்தியைக் காலியாக விடவே கூடாது. மே 2 அன்று மறுப்பு போட்டால் அங்கே ஜூன் 1 என்று எழுதி, போனிலும் நினைவூட்டல் வையுங்கள். நிராகரிப்பு வந்துவிட்டால் அந்த இடத்தில் புதுக் கெடுவை எழுதுங்கள்.

ஸ்கிரீன்ஷாட், பாடகரின் சம்மதச் செய்தி, வாங்கிய இசையின் ரசீது எல்லாம் ஒரே ஃபோல்டரில், நாள் முதலில் வரும்படி பெயரிட்டு வைக்க வேண்டும்:

```
2026-04-30_ther_claim1_before.png
2026-05-01_ther_claim2_after.png
2026-05-02_ther_claim3_dispute.png
```

மியூட் செய்யாத மூல வீடியோவை மெமரி கார்டிலிருந்து அழிக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள். விடுவிப்பு பிறகு கிடைத்தால், ஒலியோடு மறுபடி ஏற்ற அது ஒன்றுதான் இருக்கும்.

மாதம் ஒருமுறை, ‘விட்டுவைத்தது’ என்று எழுதிய வரிகளை மட்டும் வடிகட்டி, அந்த வீடியோக்களின் `Restrictions` பத்தியைத் திறந்து பாருங்கள். வருமானக் கிளைம் முடக்கமாக மாறியிருந்தால் அங்கே தெரியும். அடுத்த திருவிழாவுக்குக் கிளம்பும் முன் ‘பாட்டின் பெயர்’ பத்தியை வரிசைப்படுத்திப் பாருங்கள். மூன்று வருடமாக ஒரே பாட்டு கிளைம் வாங்கியிருந்தால், ஒலிபெருக்கி போடுகிறவரிடம் அந்தப் பாட்டைத் தேர் கிளம்பும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லலாம். எடிட்டிங்கில் செய்யும் எந்தத் திருத்தத்தையும்விட அது சுலபம்.